தொண்டை வழியாக ஓர் எக்கோ

இதய நோய்ப் பிரிவில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "போன வாரம்தானே சார் எக்கோ எடுத்தீங்க, மறுபடியும் எதுக்கு?" மறுபடியும் எடுப்பதுகூடப் பரவாயில்லை. இந்த முறை வெறும் வயிற்றோடு வர வேண்டும், துணைக்கு ஆள் வர வேண்டும், தொண்டைக்குள் குழாய் விடுவார்கள் என்று சொன்னதும் நோயாளியின் முகம் மாறிவிடுகிறது. சீட்டில் டி.இ.இ. என்று மூன்று எழுத்து மட்டும் இருக்கும். உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ அது. முதலில் எடுத்த எக்கோ சரியில்லை என்பதால் இதைக் கேட்பதில்லை. அந்த எக்கோவால் பதில் சொல்ல முடியாத ஒரு குறிப்பிட்ட கேள்வி மருத்துவருக்கு இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

நம் ஊரில் அந்தக் கேள்வி அதிகம் எழும் ஓர் இடத்தைப் பார்ப்போம். சிறு வயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் சிலருக்கு இதய வால்வுகளைத் தாக்கிவிடும். காய்ச்சலும் மூட்டுவலியும் போய்விடும், குடும்பமே அதை மறந்துவிடும். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வு மட்டும் வருடக்கணக்கில் தடித்து, ஓரங்கள் ஒட்டிக்கொண்டு, சுருங்கிக்கொண்டே போகும். வழக்கமாக 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டிய வால்வு, 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே வந்து நிற்கும்.

இப்படி ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 38. இரண்டாவது பிரசவத்தின்போது மூச்சு வாங்கியது, ரத்தசோகை என்று நினைத்து விட்டுவிட்டார்கள். இப்போது ஒரு மாடி ஏறினாலே நின்று மூச்சு விட வேண்டியிருக்கிறது. நாடித்துடிப்பு ஒழுங்கில்லாமல் தாறுமாறாக ஓடுகிறது. சாதாரண எக்கோவில் வால்வின் திறப்பு 0.9 சதுர சென்டிமீட்டர். ரத்தம் தேங்கித் தேங்கி இடது மேலறை 5.2 சென்டிமீட்டருக்கு வீங்கியிருக்கிறது. வால்வின் தடிமன், அசைவு, சுண்ணாம்புப் படிவு ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர்கள் 16-க்கு ஒரு மதிப்பெண் போடுவார்கள். 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பலூன் வைத்து வால்வை விரிக்கலாம். இவருக்கு 7. ஜப்பானிய அறுவை மருத்துவர் கன்ஜி இனோவே 1980-களில் கொண்டுவந்த முறை அது. தொடையிலுள்ள சிரை வழியாகக் குழாயை ஏற்றி, இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் துளையிட்டு இடது மேலறைக்குள் நுழைந்து, வால்வுக்குள் பலூனை ஊதுவார்கள். மார்பைப் பிளக்க வேண்டியதில்லை.

எல்லாம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீங்கிய மேலறைக்குள் ரத்தக்கட்டி ஏதாவது இருக்கிறதா? இருந்தால், குழாயும் பலூனும் உள்ளே திரும்பும்போது கட்டி இடம்பெயரலாம். இடது பக்கத்திலிருந்து கிளம்பும் கட்டி நேரே மூளைக்குப் போகும். மூச்சுத்திணறலுக்கு வைத்தியம் பார்க்க வந்தவர் பக்கவாதத்தோடு வீடு திரும்பும் நிலை வரும். அதனால்தான் பலூனுக்கு முன்னால் டி.இ.இ. கேட்கிறார்கள்.

சாதாரண எக்கோவில் கட்டி தெரியாதா? நடு அறையில் பெரிதாக இருந்தால் தெரியும். கட்டிகள் அதிகம் உருவாவது அங்கே இல்லை. இடது மேலறையின் ஓரத்தில் விரல் போல நீண்ட ஒரு சின்னப் பை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மருத்துவமனையில் இதை அப்பெண்டேஜ் என்பார்கள். இங்கே துணைப்பை என்று வைத்துக்கொள்வோம். மேலறை ஒழுங்காகச் சுருங்கும்போது இந்தப் பையும் சுருங்கி, உள்ளே வந்த ரத்தத்தை வெளியே தள்ளிவிடும். துடிப்பு ஒழுங்கு தவறி மேலறை வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தால், பையில் ரத்தம் அசையாமல் நின்று உறையத் தொடங்குகிறது. மார்பின் மேல் வைக்கும் கருவிக்கு இந்த மூலை பெரும்பாலும் எட்டுவதில்லை.

காரணம் இதயம் அமர்ந்திருக்கும் விதம். இடது மேலறை என்று பெயர் இருந்தாலும், உண்மையில் அது இதயத்தின் பின்பக்கத்தில், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. மார்பிலிருந்து போகும் ஒலி அலை தோல், கொழுப்பு, விலா எலும்புகளின் இடைவெளி, நுரையீரலின் ஓரம், இதயத்தின் முன்பகுதி என எல்லாவற்றையும் கடந்து கடைசியாகத்தான் அங்கே போய்ச் சேரும். எலும்பும் காற்றும் ஒலி அலைக்குப் பரம எதிரிகள். உடல் பருமன் உள்ளவர்களுக்கும், ஆஸ்துமாவால் நுரையீரல் ஊதிப்போனவர்களுக்கும் படம் இன்னும் மங்கலாகிவிடும். ஆழமாகப் போக வேண்டுமென்றால் குறைந்த அதிர்வெண் வேண்டும். பெரியவர்களுக்கு 2 முதல் 4 மெகாஹெர்ட்ஸ் வரை வைப்பார்கள். அதிர்வெண் குறைந்தால் நுணுக்கமும் குறையும்.

உணவுக்குழாயோ இடது மேலறைக்கு நேர் பின்னால், அதை ஒட்டியே இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான். நுரையீரலும் இல்லை, விலா எலும்பும் இல்லை. தூரம் இவ்வளவு குறைவாக இருப்பதால் 5 முதல் 7 மெகாஹெர்ட்ஸ் வரை உயர்ந்த அதிர்வெண்ணைப் பயன்படுத்தலாம். மேலறைச் சுவரின் மடிப்புகள்கூடத் தெரியும். அமெரிக்காவில் லியான் ஃப்ரேசின் குழுவினர் 1976-ல் இந்த வழியைக் காட்டியபோது திரையில் கோடுகள்தான் அசைந்தன. முழுப் படமாகப் பார்க்கும் வசதி 1980-களில்தான் வந்தது. இன்றைய குழாயின் நுனியிலுள்ள படிகத்தை, குழாயை அசைக்காமலேயே 0-விலிருந்து 180 டிகிரி வரை சுழற்றி, ஒரே இடத்தைப் பல கோணங்களில் வெட்டிப் பார்க்கலாம்.

இந்தச் சுழற்சி இல்லாவிட்டால் துணைப்பையைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. ஏனென்றால் பையின் உட்சுவரில் இயற்கையாகவே சீப்புப் பற்கள் போன்ற தசைவரிகள் உண்டு. ஒரு கோணத்தில் மட்டும் பார்த்தால் தசைவரி கட்டியாகத் தெரியும். இரண்டு கிளை உள்ள பையில், கிளைகளைப் பிரிக்கும் மேடும் அப்படியே ஏமாற்றும். அனுபவமுள்ள மருத்துவர் கோணத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பார். தசைவரி என்றால் சுவரின் அதே நிறத்தில், சுவரோடு சேர்ந்து அசையும். கட்டி என்றால் எல்லாக் கோணத்திலும் தனி உருண்டையாக நிற்கும், சுவரிலிருந்து வேறுபட்ட நிறத்தில் இருக்கும், சில சமயம் தனியே ஆடும். பிறகு பையின் வாயில் ரத்தம் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்றும் அளப்பார்கள். விநாடிக்கு 40 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் கவலையில்லை. 20-க்குக் கீழே போனால் ரத்தம் ஏறக்குறைய தேங்கி நிற்கிறது என்று பொருள். அந்த நிலையில் ரத்தமே சாம்பல் நிறப் புகை போலச் சுழல்வது திரையில் தெரியும். அது கட்டி இல்லை, கட்டி வரப்போவதற்கான அடையாளம். அறிக்கையில் இதைப் பற்றி எழுதியிருந்தால் படித்துவிட்டுப் பதற வேண்டாம், ஆனால் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையை ஒரு வேளைகூட விடவும் கூடாது.

செயற்கை வால்வு வைத்தவர்களுக்கும் இதே இடவசதிதான் உதவுகிறது. மார்பிலிருந்து பார்த்தால் உலோக மைட்ரல் வால்வு தன் நிழலை மேலறை மேல் போட்டுவிடும். பின்னாலிருந்து பார்த்தால் நிழல் அந்தப் பக்கம் விழும், வால்வின் மேலறைப் பக்கம் தெளிவாகத் தெரியும். வால்வில் கிருமித்தொற்று ஏற்பட்டுச் சில மில்லிமீட்டர் அளவில் வளரும் திட்டுகளையும் இதில் பிடித்துவிடலாம்.

ஆனால் டி.இ.இ. என்பது எக்கோவின் உயர்ந்த ரகம் என்று நினைப்பது தவறு. இதயத்தின் பம்ப் செய்யும் திறனையும், கீழறையின் நுனியையும் பார்க்க மார்பு வழியே எடுக்கும் எக்கோதான் நல்லது. மாரடைப்புக்குப் பிறகு கட்டி வருவது அந்த நுனியில்தான், உணவுக்குழாயிலிருந்து அது தொலைவு. பெருந்தமனியின் ஒரு பகுதியை, நடுவில் காற்று நிறைந்த மூச்சுக்குழாய் வந்துவிடுவதால், டி.இ.இ.யால் பார்க்கவே முடியாது. "பெரிய எக்கோவே எடுத்துடுங்க டாக்டர்" என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய பரிசோதனை இல்லை இது.

இனி, தயாராவது. எண்டோஸ்கோபி செய்துகொண்டவர்களுக்கு இது பாதி தெரிந்த விஷயம். திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பே நின்றுவிட வேண்டும். தண்ணீரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு முன்புவரை அனுமதிப்பார்கள். ஆனால் சில மருத்துவமனைகளில் தண்ணீரும் கூடாது என்பார்கள், அங்கே சொல்வதையே கேளுங்கள். வழக்கமாகத் தவறு நடப்பது காபியில். "ஒண்ணும் சாப்பிடலை, காபி மட்டும்தான்" என்று சொல்பவர் எல்லா ஊரிலும் உண்டு. பால் கலந்த காபி, டீ, மோர், கஞ்சி எல்லாம் உணவுக் கணக்கில்தான் சேரும். குழாய் இறங்கும்போது குமட்டல் வரும்; தொண்டை மரத்துப்போயிருக்கும்; வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். வாய் தவறிக் குடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், நேரத்தைத் தள்ளி வைப்பார்கள், அவ்வளவுதான். எடை குறைப்பதற்கோ சர்க்கரைக்கோ வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைட் போன்ற ஊசிகள் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். அதைப் போட்டுக்கொள்பவர்கள் தேதி கொடுக்கும்போதே சொல்ல வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் காலையில் முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்குவது நல்லது. வெறும் வயிற்றில் வழக்கமான இன்சுலினைப் போட்டுக்கொண்டு வந்தால் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே சர்க்கரை இறங்கிவிடும். எந்த மருந்தை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை ஒரு வாய் தண்ணீரில் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள்.

வார்ஃபரின், அசினோகௌமரால் போன்ற மாத்திரைகள்தான் இந்தப் பரிசோதனையில் பெரிய குழப்பம். பல் பிடுங்கப் போகும்போது யாரோ நிறுத்தச் சொன்ன நினைவில், "குழாய் விடறாங்களாம், ரத்தம் வந்துடும்" என்று தாங்களாகவே நான்கைந்து நாள் நிறுத்திவிட்டு வருபவர்கள் உண்டு. டி.இ.இ.யில் சதையை வெட்டுவதோ கிள்ளுவதோ இல்லை; வழக்கமாக இந்த மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை. ரத்தம் எந்த அளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு மிக அதிகமாக இருந்தால் மட்டும் தள்ளிவைப்பார்கள். கட்டி இருக்கிறதா என்று பார்க்க வரும் நாளுக்கு முன்னால், கட்டி வராமல் தடுக்கும் மருந்தை நிறுத்துவது எவ்வளவு விபரீதம் என்று சொல்லத் தேவையில்லை. மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

அடுத்து வரும் கேள்விகளுக்கு யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். சோறோ இட்லியோ நெஞ்சில் சிக்குவது உண்டா? உணவுக்குழாயிலோ வயிற்றிலோ அறுவை நடந்ததா? மார்புக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்களா? கல்லீரல் சுருக்கம் உண்டா, ரத்த வாந்தி எடுத்ததுண்டா? கல்லீரல் கெட்டவர்களுக்கு உணவுக்குழாயில் சிரைகள் புடைத்திருக்கும், குழாய் உரசினால் ரத்தம் கொட்டலாம். இன்னொன்று, குடும்பத்தார் முன்னிலையில் யாரும் சொல்லத் தயங்குவது: எப்போதாவது ஆசிட் போன்ற எதையாவது குடித்ததுண்டா? பல வருடம் ஆகியிருந்தாலும் அந்தத் தழும்பால் உணவுக்குழாய் ஓரிடத்தில் சுருங்கியிருக்கலாம். பார்க்காமல் குழாயைத் தள்ளினால் அந்த இடம் கிழியும். துணைக்கு வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு இதைக் கேட்கும் மருத்துவர் விவரமானவர். அவர் கேட்காவிட்டாலும் தனியாகச் சொல்லிவிடுங்கள். வருடக்கணக்கில் பாக்கு, பான்மசாலா போட்டு வாயை அகலத் திறக்க முடியாதவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், பல் காப்பு வைக்கவே இடம் இருக்காது. ஆடும் பல்லைப் பற்றியும் சொல்லுங்கள். பல்செட்டைக் கழற்றி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

நம் கற்பனைப் பெண் உள்ளே போகிறார். கையில் ஊசி ஏற்றி, விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப் மாட்டுகிறார்கள். தொண்டையில் லிக்னோகெய்ன் ஸ்பிரே. கசக்கும், சில நிமிடத்தில் தொண்டை தடித்துப்போனது போலவும், விழுங்கவே முடியாதது போலவும் தோன்றும். அது மரத்துப்போனதால் வரும் உணர்வு, அடைப்பு இல்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தாடையை நெஞ்சுப் பக்கம் சாய்த்து, பற்களுக்கு நடுவே ஓட்டையுள்ள பிளாஸ்டிக் காப்பு வைக்கிறார்கள். மிடாசோலம் போன்ற மருந்து ஒன்றிரண்டு மில்லிகிராம் கொடுத்தால் பாதித் தூக்கம் போல இருக்கும். சுண்டுவிரல் பருமனுள்ள குழாய் நாக்கின் பின்பக்கம் தொடும்போது, "அம்மா, விழுங்குங்க" என்பார்கள். அந்த ஒரு விழுங்கல்தான் கஷ்டமான கட்டம். அது சரியாக நடந்தால் குழாய் தானே இறங்கிவிடும்.

மூச்சு அடைத்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். மூச்சுக்குழாய் வேறு, உணவுக்குழாய் வேறு. குழாய் உள்ளே இருக்கும்போதும் மூக்கால் மூச்சு விடலாம். எச்சிலை விழுங்காமல் ஓரமாக வழியவிட வேண்டும், நர்ஸ் உறிஞ்சி எடுத்துவிடுவார். பற்களிலிருந்து 30, 35 சென்டிமீட்டர் ஆழத்தில் இடது மேலறை திரையில் வந்துவிடும். மொத்தம் பத்து இருபது நிமிட வேலை.

அவருடைய துணைப்பையில் 14 மில்லிமீட்டரில் ஓர் உருண்டை. கோணத்தை மாற்றிப் பார்த்தாலும் அங்கேயே இருக்கிறது, சுவரோடு சேர்ந்து அசையவில்லை. பையிலிருந்து ரத்தம் வெளியேறும் வேகம் விநாடிக்கு 15 சென்டிமீட்டர்தான். மேலறை முழுக்கப் புகை. பலூன் அன்றைக்கே தள்ளிப்போடப்படுகிறது. வார்ஃபரின் எழுதி, ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் நடுவே நிற்க வேண்டும் என்கிறார்கள். முதல் இரண்டு வாரம் 1.6-ஐத் தாண்டவில்லை, அளவைக் கூட்டுகிறார்கள். மாத்திரை தொடங்கிய நாளை வைத்துக் கணக்குப் போடுவதில் பயனில்லை. 2-ஐத் தொட்டு அங்கேயே நிலையாக நிற்கத் தொடங்கிய நாளிலிருந்துதான் உண்மையான சிகிச்சை. அப்படி இரண்டு மூன்று மாதம் போன பிறகு மறுபடி டி.இ.இ.

பரிசோதனை முடிந்து வெளியே வந்ததும் தொண்டை காய்ந்திருக்கும், தண்ணீர் கேட்கத் தோன்றும். மரப்பு விலக ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை ஒரு சொட்டும் கூடாது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர், இருமல் வராமல் இறங்கினால் மெல்லிய உணவு. மயக்க மருந்து கொடுத்திருந்தால் அன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. துணைக்கு ஆள் கேட்பது இதற்காகத்தான். தொண்டை வலி ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். உணவுக்குழாய் கிழிவது ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவருக்கு நடக்கும் அரிய விபத்து. ஆனால் நெஞ்சிலோ கழுத்திலோ கடும் வலி, விழுங்க முடியாமை, காய்ச்சல், ரத்த வாந்தி, கழுத்துத் தோலைத் தொட்டால் நறநறவென்ற உணர்வு ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. "தொண்டை வலிதானே" என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடுபவர்களுக்குத்தான் ஆபத்து முற்றுகிறது.

இரண்டாவது டி.இ.இ.யில் பை காலியாக இருந்தது, புகை மட்டும் மிச்சம். அந்த வாரமே பலூன் வைத்தார்கள். வால்வு 1.7 சதுர சென்டிமீட்டருக்குத் திறந்தது. மாடி ஏறும்போது நிற்க வேண்டியிருக்கவில்லை. "வால்வுதான் சரியாயிடுச்சே, இந்த மாத்திரையை நிறுத்திடலாமா சார்?" என்று கேட்டதற்கு முடியாது என்று பதில் வந்தது. துடிப்பு இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை, துணைப்பையும் அங்கேயேதான் இருக்கிறது. மாதாமாதம் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். இனி வருடத்துக்கு ஒருமுறை வால்வைப் பார்க்க மார்பில் ஜெல் தடவி எடுக்கும் எக்கோவே போதும்.